பராயிழ் எந்த இல்முக்குச் சொந்தம்?

சில வருடங்களுக்கு முன்னர் எங்கள் உறவில் ஒரு மௌத்து நடந்தது. நாற்பது வயதைத் தாண்டாத ஒரு வியாபாரி. அவருடைய வாப்பாவும் உம்மாவும் ஹயாத்தோடு இருந்தார்கள். மனைவி, இரண்டு பெண் பிள்ளைகள். கடன்களைக் கொடுத்து முடித்த பின்னர் மீதியைப் பங்கிட எல்லோரும் உட்கார்ந்தபோது, ஊர் ஹஸரத் பங்குகளை மனப்பாடமாகவே சொன்னார்: மனைவிக்கு எட்டில் ஒன்று, பெண் மக்கள் இருவருக்கும் சேர்த்து மூன்றில் இரண்டு, வாப்பாவுக்கு ஆறில் ஒன்று, உம்மாவுக்கு ஆறில் ஒன்று.

பக்கத்தில் இருந்த மச்சான் கணித ஆசிரியர். ஒரு கடதாசித் துண்டில் கூட்டிப் பார்த்துவிட்டுத் தலையை நிமிர்த்தினார்.

"ஹஸரத், இது ஒன்றுக்கு மேல போகுதே?"

"போகும்தான் மாஸ்டர். அதுக்குத்தான் அவ்ல் இருக்கு."

மச்சானுக்கு அவ்ல் என்றால் என்னவென்று தெரியாது. ஹஸரத்துக்கோ அது தெரியும். ஆனால் பொதுப் பகுதியெண் எடுப்பது கொஞ்சம் சிரமம். இருவரும் சேர்ந்துதான் அந்தக் கணக்கை முடித்தார்கள். பராயிழ் என்னும் இல்மு இந்த இருவரில் யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி அன்றே எனக்குள் விழுந்துவிட்டது. தேடிப் பார்த்தால், இது ஆயிரம் வருடத்துக்கு மேல் பழமையான கேள்வி. அறிவைக் கிளை கிளையாகப் பிரித்து அடுக்க முயன்ற நமது பழைய அறிஞர்கள் ஒவ்வொருவரும் இந்த இடத்தில் ஒருமுறை நின்றிருக்கிறார்கள்.

முதலில் அந்தக் கணக்கையே பார்த்துவிடுவோம். எட்டு, மூன்று, ஆறு ஆகியவற்றுக்குப் பொதுவான எண் 24. சொத்தை 24 பங்காக வைத்தால் மனைவிக்கு 3, மக்களுக்கு 16, வாப்பாவுக்கு 4, உம்மாவுக்கு 4. கூட்டினால் 27 வருகிறது. இருப்பது 24, கொடுக்க வேண்டியது 27. சட்ட அறிஞர்கள் கண்ட வழி, சொத்தை 24 ஆகப் பிரிக்காமல் 27 ஆகப் பிரிப்பது. எல்லோருடைய பங்கும் ஒரே விகிதத்தில் சற்றுக் குறைகிறது. மனைவியின் எட்டில் ஒன்று, 27 இல் 3, அதாவது ஒன்பதில் ஒன்று ஆகிவிடுகிறது. அலி (ரழி) அவர்கள் மிம்பரில் நின்றுகொண்டிருந்தபோது இதே வழக்கைப் பற்றிக் கேட்கப்பட்டு, தயங்காமல் அந்த ஒன்பதில் ஒன்றைச் சொன்னதாக அறிவிப்பு உண்டு. அதனால்தான் இதற்கு மிம்பரிய்யா என்றே பெயர். அவ்லை எல்லோரும் ஏற்றுக்கொள்ளவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். இப்னு அப்பாஸ் (ரழி) அவர்கள் மறுத்தவர்களில் ஒருவர்.

விளக்கத்துக்காகச் சொத்து 27 இலட்சம் ரூபா என்று வைத்துக்கொள்வோம். அவ்ல்படி மனைவிக்கு 3 இலட்சம், மகள் ஒருவருக்கு 8 இலட்சம் வீதம் 16 இலட்சம், வாப்பாவுக்கு 4, உம்மாவுக்கு 4. கணக்குத் தெரியாத ஒருவர் பின்னங்களை அப்படியே எடுத்துக்கொண்டு வரிசையாகக் கொடுத்துப் போனால் என்ன நடக்கும்? மனைவிக்கு 3,37,500, மக்களுக்கு 18 இலட்சம், வாப்பாவுக்கு 4,50,000. கடைசியாக வரும் உம்மாவுக்கு மிஞ்சுவது வெறும் 1,12,500. வாப்பாவுக்கும் உம்மாவுக்கும் ஒரே பங்கு என்று தெரிந்தவருக்கு இந்த வித்தியாசமே பிழையைக் காட்டிக்கொடுத்துவிடும். சட்டம் தெரிந்து கணக்குத் தெரியாவிட்டால் ஒருவருடைய ஹக்கு பறிபோகிறது. கணக்குத் தெரிந்து சட்டம் தெரியாவிட்டால் பங்குகள் எவை என்றே தெரியாது.

கணிதத்தின் பக்கத்திலிருந்து இந்த முடிச்சைத் தொட்டவர் முஹம்மத் இப்னு மூஸா அல்குவாரிஸ்மி. கலீபா மஃமூனின் காலத்தில், ஒன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில், பக்தாதில் இருந்தவர். அட்சரகணிதத்துக்கு ஜப்ர் என்ற பெயர் நிலைத்தது அவருடைய நூலால். பாடசாலையில் நாம் படிப்பதெல்லாம் அவர் சமன்பாடுகளை ஆறு வகையாகப் பிரித்தார் என்பதுதான். அந்த நூலில் ஏறக்குறையப் பாதி வஸிய்யத்துக் கணக்குகள் என்பதைச் சொல்வோர் குறைவு. தம் முன்னுரையிலேயே, மக்களுக்கு வாரிசுரிமையிலும் வஸிய்யத்திலும் பாகப்பிரிவினையிலும் வழக்கிலும் வியாபாரத்திலும் தேவைப்படுவதற்காக எழுதுகிறேன் என்ற கருத்தை அவர் சொல்லிவிடுகிறார்.

அவருடைய வஸிய்யத்துக் கணக்கு ஒன்று இப்படிப் போகிறது. ஒருவர் இரண்டு ஆண் மக்களை விட்டுவிட்டு மௌத்தாகிறார். கையில் இருப்பது 10 திர்ஹம். ஒரு மகன் வாப்பாவுக்கு 10 திர்ஹம் கடன்பட்டிருக்கிறான். சொத்தில் மூன்றில் ஒன்றை வெளியாள் ஒருவருக்கு வஸிய்யத் செய்திருக்கிறார். யாருக்கு எவ்வளவு?

கடன்பட்ட மகன் கையில் பணம் கொண்டுவந்து தரப் போவதில்லை; அவனுடைய பங்கு அவனுடைய கடனிலேயே கழிய வேண்டும். அப்படிக் கழியும் தொகை எவ்வளவு என்பது தெரியாது. தெரியாத அந்தத் தொகையை அல்குவாரிஸ்மி 'ஷை' என்கிறார். ஷை என்றால் ஒரு பொருள், அவ்வளவுதான். நாம் இன்று எழுத்தொன்றால் குறிப்பதை அவர் சொல்லால் குறித்தார். இப்போது சொத்து பத்தும் ஒரு ஷையும். மூன்றில் ஒன்று வெளியாளுக்குப் போகிறது. மீதி ஆறே முக்காலுக்குச் சற்றுக் குறைவு, அதாவது ஆறும் மூன்றில் இரண்டும், அதோடு ஷையில் மூன்றில் இரண்டு. அதை இரு மக்களுக்கும் பாதியாக்கினால் ஒருவருக்கு மூன்றும் மூன்றில் ஒன்றும், அதோடு ஷையில் மூன்றில் ஒன்று. ஆனால் கடன்பட்ட மகனின் பங்குதானே ஷை? ஆகவே ஒரு ஷை என்பது மூன்றும் மூன்றில் ஒன்றும், கூட்டல் ஷையில் மூன்றில் ஒன்று. இரு பக்கத்திலும் ஷையில் மூன்றில் ஒன்றைக் கழித்தால், ஷையில் மூன்றில் இரண்டு என்பது மூன்றும் மூன்றில் ஒன்றும். எனவே ஷை 5. கையில் இருந்த பத்தில் வெளியாளுக்கு 5, மற்ற மகனுக்கு 5. கடன்பட்ட மகனின் பங்காகிய 5 கடனில் கழிந்துவிடுகிறது. அவனிடம் எஞ்சும் கடன் என்னாவது என்பது சட்டத்தின் விடயம், கணக்கு அதில் தலையிடவில்லை.

இந்தக் கணக்கில் எது பிக்ஹு, எது ஜப்ர்? வஸிய்யத் மூன்றில் ஒன்றைத் தாண்டக் கூடாது என்பதும், மக்கள் இருவருக்கும் சம பங்கு என்பதும் பிக்ஹு. இவை இல்லாவிட்டால் சமன்பாடு எழுதவே முடியாது. சமன்பாடு இல்லாவிட்டால் இவற்றை வைத்துக்கொண்டு 5 என்ற இடத்துக்கு வரவும் முடியாது. ஒரே துணியின் பாவும் ஊடும் மாதிரி.

பிரச்சினை வந்தது அறிவுகளைப் பட்டியல் போட உட்கார்ந்தபோதுதான்.

பட்டியல் போட்டவர்களில் முதலில் சொல்ல வேண்டியவர் அல்பாராபி. ஹிஜ்ரி 339 இல், அதாவது கி.பி. 950 இல் வபாத்தானவர். இஹ்ஸாஉல் உலூம், அறிவுகளை எண்ணிக் கணக்கெடுத்தல், என்பது அவருடைய சிறிய நூலின் பெயர். ஐந்து அத்தியாயங்கள். மொழி முதலில், பின்னர் மன்திக் எனும் தர்க்கவியல், பின்னர் கணித அறிவுகள், பின்னர் இயற்கை அறிவும் இறையியல் மெய்யியலும் ஒன்றாக, கடைசியில் அரசியலும் பிக்ஹும் கலாமும். ஒரு மாணவன் எதைக் கற்கப் போகிறான், எதிலிருந்து தொடங்க வேண்டும், எது எதைவிட உறுதியானது என்று அவனே ஒப்பிட்டுப் பார்க்க உதவுவது அவருடைய நோக்கம். பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஸ்பெயினின் தொலேதோ நகரில் இது இலத்தீனுக்குப் போய், அங்குள்ளவர்களும் தங்கள் பாடங்களை இதை வைத்து வகுத்துப் பார்த்தார்கள்.

பாராபி ஜப்ரை எங்கே வைத்தார் தெரியுமா? எண்ணியலின் கீழ் அல்ல. கணித அறிவுகளை அவர் ஏழாகப் பிரிக்கிறார்: எண், கேத்திரகணிதம், ஒளி, நட்சத்திரங்கள், இசை, நிறைகள், கடைசியாக ஹியல். ஹியல் என்றால் உபாயங்கள். நீர் தூக்கும் பொறி, கருவிகள் செய்யும் கலை எல்லாம் அதற்குள்தான். ஜப்ரும் அதற்குள்ளேயே போகிறது, எண் சார்ந்த உபாயம் என்ற கணக்கில். இதை முதலில் வாசித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. யோசித்துப் பார்த்தால் நியாயம் இருக்கிறது. எண்ணைப் பற்றிய நிரூபணமான உண்மை ஓர் அறிவு. தெரியாத தொகையை வெளியே கொண்டுவரும் தந்திரம் வேறோர் அறிவு. பாராபியின் கண்ணில் ஷையை வைத்துக் கணக்குப் போடுபவர் கிணற்றிலிருந்து நீர் இறைக்கும் பொறி செய்பவருக்குப் பக்கத்தில் இருக்கிறார்.

ஆனால் பிக்ஹு ஐந்தாம் அத்தியாயத்தில், ஜப்ர் மூன்றாம் அத்தியாயத்தில். இரண்டுக்கும் நடுவே இயற்கையும் மெய்யியலும் முழுதாகக் கிடக்கின்றன. எங்கள் ஹஸரத்தும் மச்சானும் ஒரே பாயில் உட்கார்ந்திருந்தார்கள். பாராபியின் வீட்டில் அவர்களுக்கு இரண்டு அறைகள், நடுவில் ஒரு முற்றம்.

பாராபிக்கு ஒரு தலைமுறை கழித்து இன்னொரு குவாரிஸ்மி வருகிறார். பெயர் ஒன்றாக இருப்பதால் பலர் குழம்புவதுண்டு. இவர் அபூ அப்துல்லாஹ் முஹம்மத் இப்னு அஹ்மத். மத்திய ஆசியாவை ஆண்ட ஸாமானிய அரசின் வஸீர் உத்பிக்காக, பத்தாம் நூற்றாண்டின் கடைசிக் கால்பகுதியில், மபாதீஹுல் உலூம், அறிவுகளின் திறவுகோல்கள், என்ற நூலை எழுதினார். இவர் மெய்யியலாளருக்காக எழுதவில்லை, காரியாலயத்தில் வேலை பார்க்கும் காத்திபுகளுக்காக எழுதினார். ஒரு காத்திபின் மேசைக்கு எல்லாத் துறையிலிருந்தும் கடிதம் வரும். ஒரே சொல் ஒவ்வொரு துறையிலும் ஒவ்வொரு பொருள் தரும். 'ரஜ்ஆ' என்ற சொல்லை அவரே உதாரணமாகக் காட்டுகிறார். பிக்ஹுக்காரருக்கு அது தலாக் சொன்ன மனைவியை மீட்டுக்கொள்வது. வானியலாருக்கோ ஒரு கிரகம் பின்னோக்கி நகர்வது போலத் தோன்றுவது. பொருள் தெரியாத காத்திபு என்ன பதில் எழுதுவான்?

மபாதீஹின் முதற்பகுதியில் ஆறு பாடங்கள்: பிக்ஹு, கலாம், நஹ்வு, காரியாலய எழுத்து, கவிதையும் யாப்பும், வரலாறு. இவை ஷரீஅத்தின் அறிவுகளும் அவற்றோடு சேர்ந்த அரபு அறிவுகளும். இரண்டாம் பகுதியில் ஒன்பது: மெய்யியல், தர்க்கவியல், மருத்துவம், எண்கணிதம், கேத்திரகணிதம், வானியல், இசை, பொறிமுறை, இரசவாதம். இவை கிரேக்கரிடமிருந்தும் பிற சமூகத்தாரிடமிருந்தும் வந்தவை. அறிவு எதைப் பற்றியது என்று பாராபி கேட்டார். எங்கிருந்து வந்தது என்று இவர் கேட்கிறார். சுங்கச் சாவடியில் கேட்பது போல!

விளைவு பாருங்கள். பராயிழ், பிக்ஹுப் பாடத்தின் ஒரு பிரிவாக முதற்பகுதியில். இந்திய எண்களும் ஜப்ரும் எண்கணிதப் பாடத்தில், இரண்டாம் பகுதியில். பக்தாதில், அரபியில், முஸ்லிம்களின் வஸிய்யத்துக்காக எழுதப்பட்ட ஒரு கலை 'பிற சமூகத்தாரின் அறிவு' என்ற கதவுக்குப் பின்னால் போய்விட்டது. குவாரிஸ்மி அதைக் குறைத்து மதிப்பிடவில்லை என்பது உண்மைதான். அவருக்கு இரு கதவுக்கும் திறவுகோல் தேவைப்பட்டது. ஆனால் பெயர்ப்பலகையை மாட்டியவரின் எண்ணத்தோடு அந்தப் பலகை நின்றுவிடுவதில்லை. அந்நியம் என்று ஒரு பிரிவுக்குப் பெயர் விழுந்தால், பின்னால் வருகிறவர் அதை ஓத வேண்டுமா என்று கேட்கத் தொடங்குவார்.

அந்தக் கேள்விக்கு நேரடியாகப் பதில் சொன்னவர் இமாம் கஸ்ஸாலி (ரஹ்). பதினோராம் நூற்றாண்டின் கடைசியில், பக்தாத் பதவியைத் துறந்து போன பின்னர் எழுதிய இஹ்யாவின் முதல் கிதாபே கிதாபுல் இல்ம். அறிவு எதைப் பற்றியது, எங்கிருந்து வந்தது என்பதெல்லாம் அவருக்கு இரண்டாம் பட்சம். யார் மீது கடமை என்பதே முதற்கேள்வி. ஒவ்வொருவர் மீதும் கடமையானது பர்ழு ஐன். ஊரில் ஒருவராவது அறிந்திருந்தால் மற்றவர் மீதிருந்து நீங்கிவிடுவதும், ஒருவருமே அறியாவிட்டால் ஊர் முழுவதும் குற்றவாளியாகிவிடுவதும் பர்ழு கிபாயா.

ஷரீஅத் அல்லாத அறிவுகளிலும் பர்ழு கிபாயா உண்டு என்பது அவருடைய முடிவு. அதற்கு அவர் காட்டும் உதாரணங்கள் இரண்டு: உடலைக் காக்க மருத்துவம், கொடுக்கல் வாங்கலுக்கும், வஸிய்யத்தையும் வாரிசுச் சொத்தையும் பங்கிடுவதற்கும் கணக்கு. குவாரிஸ்மியின் முன்னுரையில் கண்ட அதே காரணம், இப்போது ஒரு கடமையின் ஆதாரமாக வந்து நிற்கிறது. கணிதத்தின் நுணுக்கங்களுக்குள் ஆழ்ந்து போவது சிறப்பு, கடமையல்ல என்று ஒரு எல்லையையும் அவர் வைக்கிறார். பங்கீட்டுக்குப் போதுமான கணக்குத்தான் கடமை.

அதே கிதாபில் அவர் தம் காலத்து ஆலிம்களை விட்டுவைக்கவும் இல்லை. எத்தனையோ ஊர்களில் முஸ்லிமல்லாத வைத்தியரைத் தவிர வேறு வைத்தியரில்லை. ஆனாலும் எல்லோரும் பிக்ஹுக்கே, அதிலும் கருத்து வேறுபாட்டு விவாதங்களுக்கே ஓடுகிறார்கள். காரணம், வக்புச் சொத்தும் அநாதைகளின் சொத்தும் காழிப் பதவியும் மருத்துவத்தால் கைக்கு வராது என்பதுதான் என்று அவர் குத்திக்காட்டுகிறார். கடுமையான பேச்சு. பட்டியல் போடுவதில் இப்படி ஒரு கோபமும் இருக்கலாம் என்பதை கஸ்ஸாலியிடம்தான் பார்க்கலாம்.

இந்த முடிச்சை மறைக்காமல் காட்டியவர் என்று நான் இப்னு கல்தூனையே சொல்வேன். 1377 இல், இன்றைய அல்ஜீரியாவில் உள்ள இப்னு ஸலாமா கோட்டையில் ஒதுங்கியிருந்து முகத்திமாவை எழுதியவர். அதன் ஆறாம் பகுதி அறிவுகளைப் பற்றியது. முன்னோரிடமிருந்து அறிவித்துப் பெறுபவை ஒரு வகை, மனிதன் தன் சிந்தனையால் அடைபவை மற்றொரு வகை என்று இரண்டாகப் பிரிக்கிறார். பராயிழை எங்கே வைப்பது? அவர் இரண்டு இடத்திலும் வைக்கிறார். பிக்ஹை முடித்தவுடன் தனித் தலைப்பில் ஒருமுறை. எண் சார்ந்த அறிவுகளுக்கு வரும்போது, ஜப்ருக்கும் வியாபாரக் கணக்குக்கும் பக்கத்தில் இன்னொருமுறை. அவ்ல் அங்கே வருகிறது. பங்கிடுவதற்குள் ஒரு வாரிசு இறந்துவிடும் சிக்கலும் வருகிறது. தாம் போட்ட கோட்டின் மீதே ஒரு பொருள் உட்கார்ந்திருந்தால் அதைப் பலவந்தமாக ஒரு பக்கம் தள்ளாமல் விட்டிருக்கிறார்.

இன்னொரு காரியமும் செய்கிறார். பராயிழ் அறிவில் மூன்றில் ஒன்று, அல்லது பாதி என்று வரும் அறிவிப்புகளை இத்துறைக்காரர்கள் தங்கள் பெருமைக்கு ஆதாரமாகக் காட்டுவது வழக்கம். இப்னு கல்தூன் நிறுத்திக் கேட்கிறார்: அந்தக் காலத்தில் பராயிழ் என்ற சொல் வாரிசுப் பங்கை மட்டும் குறித்ததா? பர்ழான கடமைகள் அனைத்தையும் அல்லவா குறித்தது? வாரிசுக் கணக்கு என்ற குறுகிய பொருள் பின்னர் துறைகள் பிரிந்தபோது வந்தது. பின்னால் வந்த பொருளை முன்னால் இருந்த சொல்லுக்குள் ஏற்றக் கூடாது என்பது அவருடைய வாதம். துறைகளின் பெயர்களுக்கும் ஒரு வரலாறு உண்டு என்று இவ்வளவு தெளிவாகச் சொன்னவர்கள் அந்தக் காலத்தில் அதிகமில்லை. பராயிழ்காரர்கள் அடிக்கடி நடக்காத வினோத வழக்குகளைக் கற்பித்து ஜப்ரும் மூலங்களும் வைத்துத் தீர்ப்பதையும் அவர் கண்டு, நடைமுறைக்கு உதவாவிட்டாலும் பயிற்சிக்கு நல்லது என்று விட்டுவிடுகிறார்.

அவருடைய காலத்து எகிப்து கலைக்களஞ்சியங்களின் நாடு. அங்கே அடுக்கும் முறையே வேறு. 1333 இல் வபாத்தான நுவைரி, அரசாங்க உத்தியோகத்தை விட்டுவிட்டு எழுதிய நிஹாயத்துல் அரப் முப்பதுக்கு மேற்பட்ட பாகங்கள். வானமும் பூமியும், மனிதன், விலங்கு, தாவரம், வரலாறு என்று ஐந்து பகுதி. அவர் அடுக்குவது அறிவுகளை அல்ல, உலகத்துப் பொருட்களை. வரலாறு மட்டும் மூன்றில் இரண்டு பங்கைத் தின்றுவிடுகிறது. கல்கஷந்தி 1412 இல் முடித்த ஸுப்ஹுல் அஃஷா பதினான்கு பாகம், காத்திபின் மேசைக்கு என்றே எழுதப்பட்டது. நமக்கு அதில் ஒரு சுவையான செய்தி உண்டு. 1283 இல், சுல்தான் கலாவூனின் காலத்தில், இலங்கை மன்னரின் தூது கெய்ரோவுக்குப் போனது. பொன் தகட்டுக்குள் ஓலை போன்ற ஒன்றில் எழுதிய கடிதத்தைக் கொண்டுபோனார்கள். கல்கஷந்தி அதை, வெளிநாட்டு மன்னர்களிடமிருந்து கடிதங்கள் எந்த வடிவில் வரும் என்று காத்திபுக்குக் கற்பிக்கும் இடத்தில் வைத்திருக்கிறார். ஸரந்தீபைப் பற்றி அறிய விரும்புபவர் அங்கே போய்த் தேட நினைப்பாரா? பொருள் எதற்குத் தேவையோ அங்கேதான் அது போய்ச் சேருகிறது.

அறிவின் கிளைகளைப் பிரிப்பதை அதன் எல்லை வரை கொண்டு போனவர் பதினாறாம் நூற்றாண்டு உஸ்மானிய அறிஞர் தாஷ்குப்ரிஸாதா, 1561 இல் வபாத்தானவர். மிப்தாஹுஸ் ஸஆதா என்ற நூலில் முந்நூறுக்கு மேற்பட்ட அறிவுகளைப் பெயர் சொல்லி அடுக்குகிறார். ஒரு பொருள் நான்கு நிலையில் இருக்கலாம் என்பது அவருடைய அடிப்படை: எழுத்தில், பேச்சில், மனத்தில், வெளியுலகில். எழுத்தைப் பற்றிய அறிவுகள் ஒரு பெருமரம், பேச்சைப் பற்றியவை இன்னொரு மரம், இப்படி ஏழு மரங்கள். ஷரீஅத் அறிவுகள் ஆறாவது. கல்புச் சீர்திருத்தம் ஏழாவது.

அவருடைய தோட்டத்தில் பராயிழ் பிக்ஹின் கிளையாக ஆறாம் மரத்தில் இருக்கிறது. எண்ணியலின் கிளைகளுக்குப் போனால், ஜப்ருக்கு அருகே பராயிழ்க் கணக்கு என்று ஒரு தனி அறிவு. வஸிய்யத்துக் கணக்குக்கு இன்னொரு தனி அறிவு. இப்னு கல்தூன் ஒரே பொருளை இரண்டு இடத்தில் வைத்தார். தாஷ்குப்ரிஸாதா அதை வெட்டி, இரண்டு மூன்று பெயர் கொடுத்து, இனிச் சிக்கலில்லை என்று வைத்துவிட்டார். தோட்டம் அழகாகத்தான் இருக்கிறது. ஆனாலும் எனக்கு இந்த இடத்தில் அவரோடு உடன்பாடில்லை. பங்கைத் தெரிந்துகொள்வதும் அதைப் பங்கிடுவதும் வெவ்வேறு அறிவுகளென்றால், மாணவன் ஒன்றோடு நின்றுவிட அனுமதி கிடைத்துவிடுகிறது.

அடுத்த நூற்றாண்டில் ஹாஜி கலீபா எனப்படும் காத்திப் செலபி, 1657 இல் வபாத்தானவர், மரங்களையே விட்டுவிட்டார். ஏறக்குறைய பதினையாயிரம் நூல்களைப் பதிவுசெய்த கஷ்புள் ளுனூன் முழுக்க அகரவரிசை. துறைகளும் நூற்பெயர்களோடு அதே வரிசையில் வருகின்றன. ஜப்ர் ஜீமில், பராயிழ் பேயில். உறவு, முன்பின், உயர்வு தாழ்வு எதுவும் இல்லை. தேடுவதற்கு வசதி. எது எதோடு சேர்ந்தது என்று தெரிந்தவருக்கு மட்டும்.

இந்தப் பட்டியல்கள் எல்லாம் பிரித்து வைத்ததை, ஓதிக்கொடுத்தவர்கள் நீண்ட காலம் பிரிக்கவில்லை. வரலாற்றுச் சரிதை நூல்களைப் புரட்டினால் 'அல்பறழி அல்ஹாஸிப்' என்ற இரட்டைப் பட்டம் திரும்பத் திரும்ப வரும். பராயிழும் கணக்கும் ஒருசேரத் தெரிந்தவர் என்று பொருள். ஜெரூசலத்தில் ஓதிக்கொடுத்து 1412 இல் வபாத்தான இப்னுல் ஹாஇம் இந்த இரண்டிலும் நூல்கள் எழுதியவர். பதினைந்தாம் நூற்றாண்டின் ஸிப்துல் மாரிதீனி கெய்ரோவின் அல்அஸ்ஹர் பள்ளியில் முவக்கித், தொழுகை நேரத்தைக் கணித்துச் சொல்பவர். வானியல் கருவிகளைப் பற்றியும் அறுபதின்கூறுக் கணக்கைப் பற்றியும் எழுதினார். ஷாபிஈ மத்ஹபு மத்ரஸாக்களில் பராயிழ் பாடமாக ஓதப்படும் ரஹ்பிய்யா என்ற பாடலுக்கு அவர் எழுதிய விளக்கவுரைதான் இன்றைக்கும் பலர் கையில் இருப்பது. அந்த கிதாபை ஓதிய ஆலிம்களுக்கும் அதை எழுதியவர் ஒரு வானியலாளர் என்பது பெரும்பாலும் தெரிவதில்லை.

ரஹ்பிய்யா பங்குகளோடு முடிந்துவிடுவதில்லை. அதற்குள் கணக்குக்கென்று ஒரு பாடம் உண்டு. எண்களுக்கிடையிலான உறவு, பொதுப் பகுதியெண், அவ்ல் எல்லாம் அங்கேதான். அதற்கு அடுத்தது முனாஸகா, அதாவது சொத்தைப் பங்கிடாமல் வைத்திருக்கும்போதே வாரிசுகளில் ஒருவர் மௌத்தாகி, அவருடைய வாரிசுகளும் உள்ளே வந்துவிடும் நிலை. முதல் மௌத்துக்கு ஒரு கணக்கு, இரண்டாவதுக்கு ஒரு கணக்கு, இரண்டையும் ஒரே பகுதியெண்ணுக்குக் கொண்டுவர மூன்றாவது கணக்கு. நம்முடைய ஊர்களில் மூப்பாவின் காணி மூன்று தலைமுறையாகப் பெயர் மாறாமல் கிடப்பதைப் பார்த்தவர்களுக்கு இது லேசான பாடமில்லை என்று தெரியும். அவசரத்தில் ஓதும்போது முதலில் விடுபடுவதும் இந்தப் பாடங்கள்தான்.

அன்று கணக்கு முடிந்து எழும்பும்போது மச்சான் ஹஸரத்திடம், இதெல்லாம் எந்த கிதாபில் இருக்கிறது என்று கேட்டார். ஹஸரத் தம் பழைய மாரிதீனியைக் கொண்டுவந்து, முனாஸகா பாடத்தைத் திறந்து வைத்தார். மச்சானுக்கு அரபு எழுத்துக்கூட்டித்தான் வாசிக்க வரும். ஹஸரத் ஒரு வரி வாசித்துப் பொருள் சொல்ல, அவர் அடுத்த வரி என்னவாக இருக்கும் என்று கடதாசியில் போட்டுக் காட்டினார். இருவரும் அஸர் பாங்கு சொல்லும் வரைக்கும் எழும்பவில்லை.